இரண்டாம் பந்தி உணவு விஷயமாக

எங்கள் விடுதியில் சாம்பாருக்குத் தினமும் இரண்டு பிறவி. காலை ஏழேகாலுக்கு, முதல் பந்தியில், பருப்பும் முருங்கைக்காயுமாகப் பிறக்கும். எட்டு பத்துக்கு மாஸ்டர் ஆதிமூலம் அண்டா மூடியைத் திறந்து இரண்டு ஜக் வெந்நீரை ஊற்றி ஒரு கிண்டு கிண்டுவார். எட்டேகாலுக்கு, இரண்டாம் பந்தியில், அது மறுபிறவி எடுக்கும். முற்பிறவி ஞாபகம் எதுவும் அதற்கு இருக்காது.

இரண்டாம் பந்தியில் நாங்கள் அறுபத்திரண்டு பேர். முதுகலை மாணவிகளும், யாருடைய சிபாரிசும் இல்லாமல் வந்து சேர்ந்த முதலாண்டுப் பெண்களும். முதல் பந்தியில் மற்றவர்கள். மெஸ் கமிட்டி ஐந்து பேரும் முதல் பந்தி. அதன் செயலாளர் சாருலதா, மெஸ்ஸில் குறையே இல்லை என்று மாதாமாதம் அறிக்கை எழுதுவாள். அவள் பொய் சொல்லவில்லை. ஏழேகாலுக்குக் குறை இல்லைதான்.

வார்டன் மங்களேஸ்வரி மேடம் விலங்கியல் பேராசிரியை. தினமும் காலை ஏழு மணிக்கு விடுதிக்கு வந்து உட்காருவார். ஒரு தட்டில் அன்றைய டிபன் வரும். இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு, 'டேஸ்ட் நோட்டு' என்று நாங்கள் சொல்லும் பதிவேட்டில் கையெழுத்துப் போடுவார். தேதி, நேரம், உணவு, கருத்து என்று நான்கு கட்டங்கள். கருத்துக் கட்டத்துக்கு ஒரு ரப்பர் முத்திரையே செய்து வைத்திருந்தார்: 'நன்று'. ஒரு திங்கட்கிழமை நான் அந்த நோட்டைப் புரட்டிப் பார்த்தேன். சனிக்கிழமை வரைக்கும் 'நன்று' குத்தியிருந்தது. இன்னும் ஊறவைக்காத உளுந்தில் சுடப்போகும் வடைக்கும் நன்று.

போன வருடம் பூங்கோதை என்ற இரண்டாமாண்டுப் பெண் ஒரு புகார் எழுதினாள். 'இது மனுஷி தின்கிற சோறா?' என்பது அதன் முதல் வரி. நாற்பது பேர் கையெழுத்துப் போட்டார்கள். மேடம் நாற்பது பேரையும் கூப்பிடவில்லை. முதல் கையெழுத்தை மட்டும் கூப்பிட்டார். 'விடுதி ஒழுங்குக்குப் புறம்பாக' என்று ஒரு தாள் வந்தது, பூங்கோதையின் பெட்டி வெளியே போனது. மற்ற முப்பத்தொன்பது பேரும் அன்று மத்தியானம் சத்தமில்லாமல் ரசம் ஊற்றிச் சாப்பிட்டார்கள். பஸ்ஸில் வந்து போய் வருகை நாள் குறைந்து, பூங்கோதை அந்த வருடத் தேர்வையே எழுத முடியவில்லை.

எங்கள் ஊருக்குக் கடைசி பஸ் நாலரைக்கு. கல்லூரி விடுவது நாலேமுக்காலுக்கு. விடுதி இல்லையென்றால் எனக்கு எம்.காம். இல்லை. இது எனக்கு நன்றாகத் தெரிந்திருந்தும் கடிதம் எழுத ஒத்துக்கொண்டேன். காரணம் ஜெசிந்தா.

ஜெசிந்தா என் அறைத்தோழி. இயற்பியல். அவளுக்கு வாய்தான் ஆயுதம், பேனா ஆகாது.

"கண்ணி, உங்க ஊரு பள்ளிக்கூடத்துல லீவு லெட்டர்லேருந்து தாசில்தார் மனு வரைக்கும் நீதானே எழுதுவியாம். இதை எழுதிக் குடுடி. நான் எழுதினா சண்டையா வரும்."

"நீ எழுதினதைக் காட்டு."

காட்டினாள். 'இந்த சாம்பாரில் நீச்சல் போட்டி நடத்தலாம். பருப்பைக் கண்டுபிடிப்பவருக்குப் பரிசு தரலாம்.'

"இதுல என்ன தப்பு? உண்மைதானே?"

"உண்மைதான். ஆனா படிச்சதும் அவங்க பருப்பைத் தேட மாட்டாங்க. எழுதினவளைத்தான் தேடுவாங்க."

கடிதம் எழுதுவதில் எனக்குச் சில முறைகள் உண்டு. ஆளைக் குறிப்பிடக் கூடாது. நடந்ததை மணியோடு சொல்ல வேண்டும். கேட்பது ஒன்றே ஒன்றாக இருக்க வேண்டும், அதுவும் படிப்பவருக்குச் செலவில்லாததாக. முக்கியமாக, அது தனக்கே தோன்றிய யோசனை என்று அவர் நாளைக்குச் சொல்லிக்கொள்ள வழி விட வேண்டும். பெரிய நாற்காலிகளில் உட்கார்ந்திருப்பவர்களுக்குப் பிறர் யோசனை செரிக்காது. மெஸ் சாம்பார்கூடச் செரித்துவிடும்.

பத்து நாள் குறிப்பெடுத்தோம். யார் ஊற்றினார்கள் என்று அல்ல, எத்தனை மணிக்கு என்று. நான்கு சாயங்காலம் உட்கார்ந்து எழுதி அடித்து எழுதினேன். கடைசியில் இப்படி வந்தது:

'பொருள்: இரண்டாம் பந்தி உணவு விஷயமாக.

அம்மா, வணக்கம். தினமும் காலை ஏழு மணிக்கே தாங்கள் நேரில் வந்து உணவைச் சுவைத்துப் பார்க்கும் அக்கறைக்கு எங்கள் நன்றி. முதல் பந்தியில் சாம்பார் குறைவின்றி இருப்பதற்கு அதுவே காரணம் என்று நம்புகிறோம். கடந்த பத்து நாட்களில் எட்டு நாட்கள், காலை எட்டு பத்து மணி அளவில் சாம்பாரில் வெந்நீர் சேர்க்கப்பட்டதைக் கண்டோம். அளவு போதாமையால் அப்படிச் செய்ய நேர்கிறது என்று கருதுகிறோம். ஆகவே, சுவை பார்க்கும் நேரத்தை எட்டு இருபதுக்கு மாற்றி, பரிமாறும் அண்டாவிலிருந்தே எடுத்துச் சுவைக்குமாறு பணிவுடன் வேண்டுகிறோம். இதனால் இரண்டு பந்திகளுக்கும் ஒரே தரத்தில் உணவு கிடைக்கும்.'

ஜெசிந்தா இரண்டு தரம் படித்தாள்.

"முன்னாடி 'ஒரே தரத்தில் நல்ல உணவு'ன்னு இருந்துச்சே. 'நல்ல' எங்க போச்சு?"

"அடிச்சிட்டேன். 'நல்ல'ன்னு கேட்டா இப்ப கெட்டதுன்னு சொல்றதா ஆயிடும். கோவம் வரும்."

"நல்லதுன்னு கேக்கக்கூட பயமா? நீ மனு எழுதலடி, தாலாட்டு எழுதியிருக்க."

"தூங்குறவங்களை வேற எப்படிப் படிக்க வைக்கிறது?"

அடுத்து கையெழுத்து வரிசை. பூங்கோதைக்குப் பிறகு முதல் இடத்துக்கு ஆள் கிடையாது. ஒவ்வொருத்தியும் "நீ போடு, உனக்குக் கீழ நான் போடறேன்" என்றாள். அறுபத்திரண்டு பேரும் அடுத்தவளுக்குக் கீழேயே போட வேண்டுமானால் காகிதத்தைக் கிணற்றில்தான் தொங்கவிட வேண்டும். அகர வரிசை என்று முடிவு செய்தேன். வரிசையில் வந்தால் தலைவி என்று யாரையும் சொல்ல முடியாது.

"அகர வரிசைன்னா யாரு முதல்ல வருவா தெரியுமா?" என்றாள் ஜெசிந்தா, சிரிப்பை அடக்கிக்கொண்டு.

தெரியும். என் முழுப் பெயர் அங்கயற்கண்ணி.

என் கையெழுத்து கோழி கிளறியது மாதிரி இருக்கும். நல்ல பிரதி எழுதப் பேச்சியம்மாளைப் பிடித்தோம். தூத்துக்குடிப் பக்கம், முதலாண்டு. அச்சில் வார்த்த மாதிரி எழுதுவாள். பேசவே மாட்டாள், பெயர் வைத்தவர்களைத்தான் கேட்க வேண்டும். எழுதிக் கொண்டுவந்ததை என் நகலோடு வரி வரியாக மூன்று முறை ஒப்பிட்டேன். 'அம்மா, வணக்கம்' முதல் 'தங்கள் கீழ்ப்படிதலுள்ள' வரை ஒரு புள்ளி பிசகவில்லை. அறுபத்திரண்டு பேரும் கையெழுத்துப் போட்டார்கள். திங்கட்கிழமை மத்தியானம் அலுவலகத்தில் கொடுத்து, நகலில் முத்திரையும் வாங்கிக்கொண்டேன்.

சாயங்காலம் ஐந்து மணி இருக்கும். மங்களேஸ்வரி மேடம் விடுதிக்குள் ஓடி வந்தார். அவர் ஓடி நாங்கள் பார்த்ததே இல்லை. பின்னாலேயே கல்லூரி நர்ஸ், கையில் முதலுதவிப் பெட்டியோடு.

"யாரு? யாரு வாந்தி எடுத்தது?"

கூடத்தில் முறுக்கு தின்றுகொண்டிருந்த பெண்கள் திகைத்து எழுந்தார்கள்.

"யாருக்கு வயித்துப்போக்கு? மறைக்காம சொல்லுங்கம்மா! எத்தனை பேருக்கு?"

"யாருக்கும் இல்ல மேடம்" என்றாள் ஜெசிந்தா. "ஏன், யாருக்காவது வரணுமா?"

"அப்ப இது என்னது?"

கடிதத்தை நீட்டினார். அப்போதுதான் நான் பொருள் வரியைப் படித்தேன். முத்து முத்தான எழுத்தில், அடியில் இரட்டைக் கோடு போட்டு இருந்தது:

'பொருள்: இரண்டாம் பந்தி உணவு விஷமாக.'

ஒரே ஒரு 'ய' இல்லை.

நான் அந்த வரியை மட்டும் ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. எத்தனையோ கடிதங்களில் எழுதிய வரி. கண் தானாகவே 'ய'வைச் சேர்த்துப் படித்துக்கொண்டு போய்விட்டது. அறுபத்திரண்டு பேரில் ஒருத்தியும் பார்க்கவில்லை. அவர்கள் பார்த்தது தங்கள் பெயருக்கு மேலே யார் பெயர் இருக்கிறது என்பதை மட்டும். மேடமோ பொருள் வரிக்குக் கீழே படிக்கவே இல்லை. நான்கு சாயங்காலம் நான் இழைத்து இழைத்து வைத்த வாக்கியங்கள் எல்லாம் தீண்டப்படாமல் அப்படியே கிடந்தன. அவர் படித்தது ஒரு வரி, எண்ணியது கையெழுத்துகளை. மனு போகும் இடம் எப்படிப்பட்டது என்று தெரிந்துகொள்ள எனக்கு எம்.காம். வரை ஆகியிருக்கிறது.

யாருக்கும் ஒன்றும் இல்லை என்று தெரிந்ததும் மேடத்துக்குப் பயம் இறங்கிக் கோபம் ஏறியது.

"நான் பிரின்சிபாலுக்குப் போன் பண்ணிட்டேன். ஆம்புலன்ஸுக்குச் சொல்லட்டுமான்னு கேக்கறார். விஷம்னு எழுதியிருக்கீங்க! முதல் கையெழுத்து யாரு? அங்கயற்கண்ணி! நாளைக்கு மத்தியானம் ஆபீஸுக்கு வா. பெட்டியைக் கட்டி வச்சிட்டு வா."

"மேடம், அது விஷயமாக. ஒரு எழுத்து விட்டுப்போச்சு. உள்ளே படிச்சீங்கன்னா..."

"எழுத்தா விட்டுப்போச்சு? மானம் போச்சும்மா! நாளைக்குக் காலையில எல்லார் முன்னாடியும் நானே சாப்பிட்டுக் காட்டறேன். இரண்டாம் பந்திதானே? இரண்டாம் பந்தியிலேயே சாப்பிடறேன். எது விஷம்னு பார்த்துடுவோம்."

அவர் போனதும் பேச்சி சுவரோரம் நின்று அழுதாள்.

"நான்தானக்கா விட்டேன். நானே போய்ச் சொல்லிருதேன்."

"சொன்னா உன் சீட்டும் போகும். என் சீட்டு திரும்பி வராது. பேசாம இரு. அது உனக்கு நல்லா வரும்."

ஜெசிந்தா மட்டும் கட்டிலில் விழுந்து சிரித்தாள். "ஏய் கண்ணி! எட்டு இருபதுக்கு வந்து சாப்பிடுங்கன்னு நாலு நாள் தாலாட்டு பாடினே, அசையல. விஷம்னு ஒரு வார்த்தை, ஓடியே வராங்க!"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. பெட்டியைக் கட்டினேன்.

செவ்வாய்க்கிழமை. பொங்கலும் சாம்பாரும். எட்டு இருபதுக்கு மேடம் வந்தார். கூடவே நோட்டும் முத்திரையும். அறுபத்திரண்டு பேர் தட்டோடு வரிசையில் நின்றோம். எட்டு பத்துக்கு வெந்நீர் வழக்கம்போல விழுந்துவிட்டது. அதை ஆதிமூலம் வேண்டுமென்று செய்யவில்லை, கை பழகிவிட்டது.

மேடம் மேசையில் உட்கார்ந்ததும் ஆதிமூலம் உள்ளேயிருந்து ஒரு மூடிபோட்ட தூக்கை எடுத்து வந்தார். திறந்ததும் நெய் மணத்தது. பொங்கலில் முந்திரி தெரிந்தது. சாம்பார் கரண்டியிலிருந்து விழ மனமில்லாமல் விழுந்தது.

மேடம் ஸ்பூனை எடுத்தார்.

"மேடம்."

யார் குரல் என்று எல்லோரும் திரும்பினோம். பேச்சி.

"மேடம், அது உங்களுக்குன்னு தனியா எடுத்து வச்சது. அதுல விஷம் இருக்குன்னு நாங்க எழுதலியே." அண்டாவைக் காட்டினாள். "எழுதினது இதைத்தான். இதுல சாப்பிட்டாத்தான நாங்க பொய் சொன்னோம்னு ஆவும்?"

மேடத்துக்கு அதில் மறுக்க ஒன்றுமில்லை. விஷமில்லை என்று நிரூபிக்க வந்தவர், விஷம் என்று சொல்லப்பட்டதைத்தான் சாப்பிட வேண்டும். விலங்கியல் படித்தவருக்கு இந்த அளவு சோதனை முறை தெரியும்.

"ஊத்துங்க" என்றார்.

ஆதிமூலம் அண்டாவிலிருந்து ஊற்றினார். சாம்பார் பொங்கலைச் சுற்றி ஓடித் தட்டின் விளிம்பைத் தொட்டு நின்றது. மேடம் ஒரு வாய் எடுத்தார். மென்றார். மெல்ல என்ன இருந்தது என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டாவது வாய் எடுக்கவில்லை.

"என்ன மாஸ்டர் இது?"

"சாம்பாருங்கம்மா."

"யாரு சொன்னா?"

ஆதிமூலம் தலையைச் சொறிந்தார். "முதல் பந்தியில கமிட்டிப் புள்ளைங்க ரெண்டாந்தடவை, மூணாந்தடவை வாங்குதுங்க. ரெண்டு பந்திக்கும் சேர்த்து நூத்தி இருபது பேருக்குத் தர்ற பருப்பு அவ்வளவுதாங்கம்மா. நான் என்ன பண்ணட்டும்?"

ஜெசிந்தா என் காதில், "விஷம்னா கொஞ்சமாவது கெட்டியா இருந்திருக்கும்" என்றாள். அவளுக்கு மெதுவாகப் பேசத் தெரியாது. வரிசை முழுக்கச் சிரித்தது.

மேடம் நோட்டைத் திறந்தார். அன்றைய கட்டத்தில் ஏற்கெனவே 'நன்று' குத்தியிருந்தது. அதை நாங்கள் பார்ப்பதை அவரும் பார்த்தார். அடித்தார். அதன் மேல் ஏதாவது எழுதியாக வேண்டும். நன்று என்று எழுத அறுபத்திரண்டு பேர் விடமாட்டார்கள். நன்றல்ல என்று எழுதினால் இத்தனை வருட 'நன்று'களுக்கும் பதில் சொல்ல வேண்டும். கடைசியில் அவர் தன் கைப்பட எழுதியது ஒரே வார்த்தை:

'விஷமில்லை.'

கையெழுத்து, நேரம் எட்டு முப்பது.

மத்தியானம் அலுவலகத்துக்குப் போனேன். முத்திரை விழுந்த நகலையும், 'ய' இருந்த என் மூல நகலையும் மேசையில் வைத்தேன். மேடம் அப்போதுதான் கடிதத்தை முழுதாகப் படித்தார். படிக்கப் படிக்க முகம் இளகியது. நன்றி சொல்லியிருக்கிறதே! அக்கறை என்று இருக்கிறதே!

"இவ்வளவு நல்லா எழுதியிருக்கியேம்மா. இதைப் படிச்சிருந்தா நான் ஏன் கோவப்படப் போறேன்?"

நகலில் இருந்த திங்கட்கிழமை முத்திரையை அவர் பக்கம் திருப்பி வைத்தேன்.

"பிரின்சிபால் விஷம்ங்கிற வார்த்தையை ஃபைல்ல பார்த்துட்டாரு. அதுக்கு ஒரு திருத்தம் எழுதிக் குடு. உன் சீட்டை நான் பார்த்துக்கறேன்."

அங்கேயே நின்று எழுதினேன்: 'திங்கட்கிழமைக் கடிதத்தின் பொருள் வரியில் 'ய' விடுபட்டுவிட்டது. 'விஷயமாக' என்று திருத்திப் படிக்க வேண்டுகிறோம். கடிதத்தின் மற்ற வரிகளில் பிழை இல்லை.' கடைசி வாக்கியத்தை எழுதியபோது எனக்குள் ஒரு கர்வம் இருந்ததை மறைப்பானேன்.

திருத்தம் வந்துவிட்டதால் முதல்வர் எதைத் திருத்த வேண்டும் என்று கடிதத்தைத் தேடிப் படிக்க நேர்ந்தது. வெள்ளிக்கிழமை அறிவிப்புப் பலகையில் சுற்றறிக்கை வந்தது. 'விடுதிக் காப்பாளரின் சீரிய யோசனையின்படி, சுவை பார்க்கும் நேரம் எட்டு இருபதுக்கு மாற்றப்படுகிறது. பரிமாறும் அண்டாவிலிருந்தே சுவைக்கப்படும். இதனால் இரண்டு பந்திகளுக்கும் ஒரே தரத்தில் உணவு கிடைக்கும்.' என் வாக்கியங்கள், கால்புள்ளியோடு. கீழே மங்களேஸ்வரி மேடத்தின் கையெழுத்து. நான் விட்டுவைத்த வழியில் அவர் சரியாக நடந்து வந்திருந்தார்.

பெட்டியைப் பிரித்துத் துணிகளை அடுக்கினேன்.

திங்கட்கிழமை முதல் ஆதிமூலம் வெந்நீரை எட்டு பத்துக்கு ஊற்றுவதில்லை. ஏழு மணிக்கே ஊற்றிவிடுகிறார். பருப்பு அளவு அதேதான். அதைக் கூட்டச் சொல்லி யாரும் எழுதவில்லை, நான் உட்பட. ஏழேகாலுக்கும் எட்டேகாலுக்கும் இப்போது ஒரே சாம்பார். மேடம் எட்டு இருபதுக்கு வந்து, அண்டாவிலிருந்தே எடுத்து, முதல் பந்திச் சாம்பாரோடு ஒப்பிட்டு, புது முத்திரை குத்துகிறார்: 'ஒரே தரம்'. கேட்டது கிடைத்துவிட்டது. பேச்சி விட்டது ஒரு எழுத்து. நான் அடித்தது ஒரு வார்த்தை.

ஜெசிந்தா அந்த 'நல்ல'வைப் பற்றி இதுவரை ஒன்றும் சொல்லவில்லை. சாம்பார் ஊற்றும்போதெல்லாம் என்னைப் பார்த்து ஆராரோ என்று முணுமுணுக்கிறாள், அவ்வளவுதான்.

புதன்கிழமை சாயங்காலம் எங்கள் அறைக் கதவை யாரோ தட்டினார்கள். மெஸ் கமிட்டிச் செயலாளர் சாருலதா. இத்தனை மாதத்தில் அவள் எங்கள் மாடிப்படி ஏறியதே இல்லை.

"கண்ணி அக்கா, சாம்பார் வாயில வைக்க முடியலக்கா. வெறும் தண்ணி. நீங்க நல்லா லெட்டர் எழுதுவீங்களாமே? எங்க பந்திக்கு ஒண்ணு எழுதிக் குடுங்களேன்."

"ரெண்டு பந்திக்குமா சேர்த்தே எழுதலாம். பருப்பு அளவைக் கூட்டச் சொல்லிக் கேப்போம். கையெழுத்து அகர வரிசை இல்ல, இந்தத் தடவை பதவி வரிசை. செயலாளர் முதல்ல."

அவள் கதவுப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். நாக்கில் பழைய சாம்பாரின் ஞாபகம் இருந்திருக்க வேண்டும், தலையாட்டினாள்.

"பொருள்னு என்னக்கா போடறது?"

"உணவு விஷயமாக."

"அதைப் படிப்பாங்களாக்கா?"

நான் ஜெசிந்தாவைப் பார்த்தேன். ஜெசிந்தா கட்டிலிலிருந்து எழுந்து, வராந்தா பக்கம் தலையை நீட்டிக் கூப்பிட்டாள்.

"பேச்சி! பேனாவை எடுத்துக்கிட்டு வாடி. உன் கையாலதான் எழுதணும்."